"உங்க தாத்தா எந்த வருஷம் செத்தாருங்க?" – வாழப்பாடி பக்கம் நாலரை ஏக்கர்ல நானும் அக்காவும் பங்கு வாங்கின கதை

பங்கு கேட்டு வக்கீல் ஆபீஸ் படி ஏறினா அண்ணன் என்ன சொன்னான், நகை எத்தனை பவுன் போட்டாங்க, இதெல்லாம்தான் கேப்பாங்கன்னு நெனச்சிட்டு போனேன். அஸ்தம்பட்டில அந்த வக்கீலம்மா என் கதைய ஒரு ரெண்டு நிமிஷம் கேட்டாங்க, அப்புறம் பேனாவ மூடி வெச்சிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்க்கா, உங்க தாத்தா எந்த வருஷம் செத்தாருங்க?"ன்னாங்க. எனக்கு தூக்கிவாரி போட்டுச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போன மனுஷன், அவர் செத்த வருஷத்துக்கும் என் பங்குக்கும் என்ன சம்பந்தம்? எல்லா சம்பந்தமும் அதுலதான் இருக்குன்னு புரிய எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

மொதல்ல குடும்பத்த சொல்லிடறேன். அப்பா, அம்மா, நாங்க நாலு பேர். அக்கா, அண்ணன், நான், தம்பி. அக்காவுக்கு 1984ல கல்யாணம், எனக்கு 1987 தை மாசம், சேலம் அம்மாபேட்டைல குடுத்தாங்க. ஊர்ல 4 ஏக்கர் 50 சென்ட் நெலம். அதுல 3 ஏக்கர் பாக்குத்தோப்பு, கெணறு அதுலதான் இருக்கு, மீதி ஒண்ணரை ஏக்கர் மேட்டுக்காடு, மரவள்ளி போடுவாங்க. அப்பா 2003ல எறந்துட்டார், உயில் எதுவும் எழுதல. அதுக்கப்புறம் வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு மூட்டை அரிசியும், ஆடிக்கு தேங்காயும், பாக்கு வித்தா கையில ஏதோ அஞ்சாயிரமோ பத்தாயிரமோ தம்பி கொண்டாந்து குடுப்பான். நாங்களும் வாங்கிட்டு சும்மா இருந்தோம். இந்த அரிசி மூட்டை பின்னாடி வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

2019ல என் பையன் வீட்டு லோனுக்காக அலைஞ்சிட்டு இருந்தப்ப tnreginet.gov.in ல எங்க வீட்டுக்கு வில்லங்கம் போட்டு பாத்தான், சும்மா இருக்காம தாத்தா ஊர் சர்வே நம்பரையும் போட்டு பாத்தான். 2011ல அண்ணனும் தம்பியும் மட்டும் சேந்து பாகப்பிரிவினை பத்திரம் பதிஞ்சிருக்காங்க, ஆளுக்கு பாதி. 2012ல பட்டாவும் தனித்தனியா மாறிடுச்சு. 2014ல தம்பி மேட்டுக்காட்டுல 40 சென்ட் வெளியாளுக்கு வித்திருக்கான். என் பேரும் அக்கா பேரும் அம்மா பேரும் எங்கயுமே இல்ல. நாங்க மூணு பேரும் பொறக்கவே இல்லங்கற மாதிரி எழுதியிருந்தாங்க.

உடனே ஒரு வக்கீல போய் பாத்தோம் (மேல சொன்ன அம்மா இல்ல, வேற ஒருத்தர்). அவர் அப்பா செத்த வருஷத்த கேட்டார், 2003ன்னோம், "பொண்ணுக்கும் பங்கு குடுக்கற திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9ம் தேதி உங்க அப்பா உயிரோட இருந்திருக்கணும்மா, இல்லேன்னா பொண்ணுக்கு கூட்டுக்குடும்ப பங்கு வராது"ன்னு சொல்லிட்டார். அவர தப்பு சொல்ல மாட்டேன். அன்னைக்கு ஃபூலவதி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2015ல அப்படித்தான் சொல்லியிருந்துச்சு. அப்புறம் 2018ல தானம்மா கேஸ்ல வேற மாதிரி வந்து ஒரே கொழப்பமா கெடந்துச்சாம். 2020 ஆகஸ்ட் 11ல வினீதா சர்மா கேஸ்ல மூணு ஜட்ஜ் உக்காந்து, பொண்ணுக்கு உரிமை பொறப்புலயே வருது, அப்பா 2005ல இருந்தாரா செத்தாராங்கறது முக்கியமில்லன்னு முடிச்சு வெச்சாங்க. கொரோனா நேரம், வீட்ல உக்காந்து நியூஸ் பாத்துட்டு இருந்தப்ப அக்கா போன் பண்ணி "ஏய் டிவி பாத்தியாடி"ன்னா. அந்த டிசம்பர்லதான் வக்கீலம்மா ஆபீஸுக்கு போனோம்.

சரி, தாத்தா விஷயத்துக்கு வரேன். எனக்கு அவங்க விளக்கினத எனக்கு புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

நாம எல்லாரும் "தாத்தா சொத்து"ன்னாலே பூர்வீக சொத்துன்னு நெனைக்கறோம், ஆனா சட்டத்துல அப்படி இல்ல. இந்து வாரிசுரிமை சட்டம் 1956 ஜூன் 17ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி தாத்தா செத்திருந்தா அவர் சொத்து அப்பா கைக்கு வரப்பவே அப்பாவும் அவர் பிள்ளைங்களும் சேந்த கூட்டுக்குடும்ப சொத்தா வந்துடும், பத்திரத்துல பிதுரார்ஜிதம்னு எழுதுவாங்களே அது. ஆனா 1956க்கு அப்புறம் தாத்தா செத்து, அவரோட சொந்த சொத்து அப்பாவுக்கு வாரிசா வந்துச்சுன்னா அது அப்பாவோட தனி சொத்து மாதிரிதான், அப்பா இருக்கற வரைக்கும் புள்ளையும் கேக்க முடியாது, பொண்ணும் கேக்க முடியாது, அவர் யாருக்கு வேணா எழுதி வைக்கலாம். 1986ல சந்தர் சென்னு ஒரு கேஸ்லேர்ந்து சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொல்லிட்டு வருதாம். எழுதி வைக்காம செத்துட்டா மட்டும் பொண்டாட்டி புள்ளைங்க எல்லாருக்கும் சமமா போகும். அதாவது ரெண்டு வழிலயும் பொண்ணுக்கு பங்கு வரலாம், ஆனா அப்பா ஏற்கெனவே ஒருத்தருக்கு எழுதிட்டாருன்னா, அந்த எழுத்து செல்லுமா செல்லாதாங்கறது சொத்து எந்த ரகம்ங்கறதுலதான் இருக்கு.

எங்க வீட்லயே ரெண்டு ரகமும் இருந்துச்சு. அப்பா 1979ல பஸ் கம்பெனி சம்பளத்துல ஊருக்குள்ள ஒரு வீடு வாங்கினார், அத 1999ல அண்ணனுக்கு செட்டில்மென்ட் எழுதி பதிஞ்சு குடுத்துட்டார். வக்கீலம்மா அந்த பத்திரத்த பாத்ததும் "இது சுயார்ஜிதம்க்கா, அவர் இஷ்டம், இத கேஸ்ல சேத்தா உங்களுக்குத்தான் டைம் வேஸ்ட்"னு தனியா எடுத்து வெச்சிட்டாங்க. அக்காவுக்கு மனசு ஆறல, அம்மா அந்த வீட்டுலதான் இருந்தாங்க, இருந்தாலும் விட்டுட்டோம். எதை கேக்கக்கூடாதுன்னு மொதல்லயே சொல்ற வக்கீல் கெடைச்சது எங்க அதிர்ஷ்டம்.

நெலம் வேற கதை. தாத்தாவும் அவர் அண்ணன் தம்பிங்களும் 1941ல பாகம் பிரிச்சு பதிவு பண்ணிருக்காங்க, அதுல தாத்தாவுக்கு விழுந்த பங்குதான் இந்த நாலரை ஏக்கர். தாத்தா 1953ல செத்தாருன்னு அம்மா சொல்வாங்க, ஆனா 1953க்கு இறப்பு சான்றுக்கு நான் எங்க போவேன்? பஞ்சாயத்து ஆபீஸ்ல அந்த வருஷத்து ரிஜிஸ்டரே இல்ல. இங்கதான் ஒரு வழி சொன்னாங்க, இது எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. "உங்க அப்பா 1956க்கு முன்னாடி எதாவது கடன் பத்திரம், அடமானம் எழுதியிருக்காரான்னு தேடுங்க"ன்னாங்க. ஆன்லைன்ல அவ்ளோ பழசு வராது, சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு, தேடறதுக்கு பணம் கட்டி, பழைய இன்டெக்ஸ் புக்க பொரட்ட வெச்சு, மூணாவது தடவ போனப்ப கெடைச்சுது. 1955ல அப்பா கெணறு வெட்ட அடமானம் வெச்சிருக்கார், பத்திரத்துல அப்பா பேருக்கு முன்னாடி "காலஞ்சென்ற" ன்னு போட்டு தாத்தா பேரு, அப்புறம் "குமாரர்". அவ்ளோதான். அந்த ஒரு வார்த்தை, 1955ல தாத்தா உயிரோட இல்லங்கறதுக்கு பதிவான ஆதாரம். நகல் கையெழுத்து மங்கலா, நூல் மாதிரி இருக்கும், நான் அந்த வார்த்தைய வெரலால தொட்டு தொட்டு பாத்தேன்.

அதோட நிக்கல. "பாட்டி அப்ப இருந்தாங்களா?"ன்னு கேட்டாங்க. அட கடவுளேன்னு ஆச்சு. ஏன்னா 1937ல ஒரு சட்டம் இருந்துச்சாம், புருஷன் செத்தா கூட்டுக்குடும்பத்துல அவர் பங்கு பொண்டாட்டிக்கு அவ ஆயுசு வரைக்கும் போகும், 1956ல அது அவளுக்கே முழு சொந்தமா ஆகிடும். பாட்டி 1953க்கு அப்புறமும் இருந்திருந்தா பாதி நெலம் பாட்டி வழில வந்த கணக்காகி, எல்லா பின்னமும் மாறிருக்கும். நல்லவேளையோ கெட்டவேளையோ பாட்டி அப்பாவ பெத்து ரெண்டு வருஷத்துலயே போய்ட்டாங்க.

ஆனா பிதுரார்ஜிதம்னு நிரூபிக்க நாங்க இவ்ளோ கஷ்டப்பட்டிருக்கவே வேணாம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 2011ல அண்ணன் தம்பி பதிஞ்ச பத்திரத்த நகல் எடுத்து படிச்சா, ரெண்டாவது பக்கத்துலயே "அடியிற்கண்ட சொத்துக்கள் நமது தகப்பனாருக்கு பிதுரார்ஜிதமாய் பாத்தியப்பட்டு நம்மிருவருக்கும் கூட்டாய் அனுபவத்தில் இருந்து வருவதாகும்" ன்னு பத்திரம் எழுதறவர் வழக்கம்போல எழுதி வெச்சிருக்கார். அவங்களே கையெழுத்து போட்டு பிதுரார்ஜிதம்னு ஒத்துக்கிட்டாங்க! நாளைக்கு கோர்ட்ல வந்து "இல்ல இது அப்பா சம்பாதிச்சது"ன்னு சொல்ல முடியாது. அதனால யாராச்சும் இந்த மாதிரி ஆரம்பிக்கறீங்கன்னா மொதல்ல எதிர் பக்கத்துக்காரங்க பத்திரத்த நகல் எடுங்க, வில்லங்கத்துல வர ஒரு வரிய மட்டும் பாத்துட்டு விடாதீங்க, உள்ள இருக்கற வரலாறு பத்திய படிங்க.

நோட்டீஸ் அனுப்பினோம். அண்ணன் தரப்புல பதில் வந்துச்சு. மூணு ஆட்சேபணை சொல்லியிருந்தாங்க, தமிழ்நாட்ல எந்த வீட்டுல கேட்டாலும் இந்த மூணுதான் வரும்னு வக்கீலம்மா சிரிச்சாங்க.

ஒண்ணு, "1989க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்கு பங்கு கெடையாது". இது ஊர்ல டீக்கடைல உக்காந்திருக்கறவர் கூட சொல்வார், சும்மாவும் சொல்லல. தமிழ்நாட்ல மகளுக்கு கூட்டுக்குடும்ப உரிமை குடுத்து மாநில சட்டம் வந்துச்சு, 1989 மார்ச் 25லேர்ந்து அமல், ஆனா அந்த தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லன்னு அதுலயே எழுதியிருந்துச்சு. என்னைய மாதிரி 87ல கல்யாணம் ஆனவங்கள அந்த சட்டம் வெளிய தள்ளிடுச்சு. ஆனா 2005ல மத்திய அரசு கொண்டாந்த திருத்தத்துல கல்யாண தேதிய பத்தி ஒரு வார்த்தை கெடையாது, கூட்டுக்குடும்பத்துல பங்காளியா இருக்கறவரோட மகள்னா போதும். இன்னைக்கு அதுதான் நிக்குது. 30 வருஷத்துக்கு முந்தின சட்டத்த சொல்லி எத்தன பொண்ணுங்கள இன்னும் வாய மூட வெக்கறாங்கன்னு நெனச்சா வயிறு எரியுது.

ரெண்டாவது, "1999லயே அப்பா இருக்கறப்ப வாய்மொழியா பாகம் பிரிச்சாச்சு, கூர்சீட்டு இருக்கு"ன்னாங்க. ஒரு வெள்ளைத்தாள், ஊர் பெரியவங்க நாலு பேர் கையெழுத்து, அப்பா கையெழுத்து மாதிரி ஒண்ணு. இதுக்கு சட்டத்துல ஒரு கோடு இருக்கு: 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவு பண்ணின பாகப்பிரிவினையோ, கோர்ட் டிக்ரியோ, விற்பனையோ ஆகியிருந்தா அத தொட முடியாது. பதிவாகாத பேச்சுப் பாகத்த, வினீதா சர்மா தீர்ப்புப்படி, சும்மா வாய்ல சொன்னா ஏத்துக்க மாட்டாங்க, சர்க்கார் ரெக்கார்டுல அது அப்பவே நடந்ததா காட்டணும், ரொம்ப அபூர்வமாத்தான் ஒத்துக்குவாங்க. இத கண்டுபிடிக்க நாங்க பண்ணினது சிம்பிள். 1999ல பிரிச்சிருந்தா 1999லேர்ந்து 2011 வரைக்கும் பட்டா யார் பேர்ல இருந்துச்சு? அப்பா பேர்லயே ஒரே பட்டா. வி.ஏ.ஓ கிட்ட இருக்கற அடங்கல்லயும் அப்படித்தான். 99லயே பிரிச்சவங்க எதுக்கு 2011ல மறுபடி பாகப்பிரிவினை பதிஞ்சாங்க, அந்த பத்திரத்துல 99 கூர்சீட்ட பத்தி ஒரு வரி கூட ஏன் இல்ல? குறுக்கு விசாரணைல அண்ணன் கிட்ட இந்த ரெண்டு கேள்விதான் கேட்டாங்க. அண்ணன் தண்ணி கேட்டு வாங்கி குடிச்சான். எனக்கு பாவமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

ஆனா உண்மையாவே 2004க்கு முன்னாடி அப்பாவும் பையன்களும் சேந்து பதிஞ்ச பாகப்பிரிவினை இருந்துச்சுன்னா, கஷ்டம். என் தோழி ஒருத்தி, ஆத்தூர் பக்கம், 1996 பத்திரம் ஒண்ணு அவ குடும்பத்துல இருக்கு. அவ கேஸ் போடறதுல அர்த்தமில்லன்னு அதே வக்கீலம்மா திருப்பி அனுப்பிட்டாங்க.

மூணாவதுதான் அவங்க பெருந்தன்மையா சொன்னது: "அப்படியே பங்கு உண்டுன்னாலும் 15ல 1 பங்குதான்". இந்த கணக்க கொஞ்சம் பொறுமையா பாருங்க, இதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க.

பழைய கணக்குப்படி கூட்டுக்குடும்பம்னா அப்பா, ரெண்டு பையன், மூணு பேர். அப்பா சாகறப்ப மூணா பிரிச்ச மாதிரி கற்பனை பண்ணி, அப்பாவோட மூணுல ஒரு பங்க மட்டும் எடுத்து அம்மா, நாலு பிள்ளைங்கன்னு அஞ்சு பேருக்கு பிரிப்பாங்க. 450 சென்ட்ல அப்பா பங்கு 150, அத அஞ்சா பிரிச்சா ஆளுக்கு 30 சென்ட். எனக்கு 30, அக்காவுக்கு 30, அம்மாவுக்கு 30. அண்ணனுக்கும் தம்பிக்கும் சொந்த பங்கு 150ம் இந்த 30ம் சேந்து 180, 180. அதுதான் 15ல 1.

இப்ப பொண்ணும் பொறப்புலயே பங்காளி. அதனால அப்பா, நாலு பிள்ளைங்க, மொத்தம் அஞ்சு பேர். ஆளுக்கு 90 சென்ட். அப்பாவோட 90 திரும்பவும் அம்மாவும் நாலு பிள்ளைங்களுமா அஞ்சு பேருக்கு, ஆளுக்கு 18. ஆக எனக்கு 90ம் 18ம் 108 சென்ட், நாலு பேருக்கும் அதே 108, அம்மாவுக்கு 18. கூட்டி பாருங்க, 432ம் 18ம் 450. பின்னத்துல சொன்னா 25ல 6. 30 சென்டுக்கும் 108 சென்டுக்கும் உள்ள வித்தியாசம் பாக்குத்தோப்புல எவ்ளோன்னு வாழப்பாடிக்காரங்களுக்கு தெரியும். அப்பா செத்தப்ப பண்ணின கற்பனை பாகம், அவர் பங்கு எவ்ளோன்னு கண்டுபிடிக்க மட்டும்தான், அதோட கூட்டுக்குடும்பம் பிரிஞ்சிட்டதா அர்த்தமில்லன்னு அதே தீர்ப்புல இருக்கு. "நாங்க 15ல 1 குடுத்துடறோம், கேஸ் வேணாம்"னு சமாதானம் பேச வந்தப்ப பெரிய மாமா கூட "அதுவே நல்ல மனசுதான்மா"ன்னார். காகிதத்துல கணக்க போட்டு அவர் கிட்ட நீட்டினேன், கண்ணாடி போட்டு ரெண்டு தடவ பாத்துட்டு எதுவும் சொல்லாம காபிய குடிச்சிட்டு போய்ட்டார்.

அம்மாவுக்கு மட்டும் ஏன் கம்மின்னு அக்கா சண்டைக்கு நின்னா. அம்மா பங்காளி கெடையாது, அப்பா பங்குல வாரிசு மட்டும்தான், இதுதான் சட்டம், எனக்கும் இது சரியா படல, ஆனா அப்படித்தான் இருக்கு.

2021 மார்ச்ல கேஸ் போட்டோம். பாகப்பிரிவினை கேஸ்ல எல்லா பங்குதாரரையும் சேக்கணும், அம்மாவ எதிர் பார்ட்டியா போட்டப்ப அம்மா அழுதாங்க, "என்னைய கோர்ட்டுக்கு இழுக்கறியாடி, பொறந்த வூட்டு சீரு நின்னுடும்டி"ன்னாங்க, அது பேருக்குத்தான்மான்னு சொல்லி புரிய வெக்கறதுக்குள்ள போதும்னு ஆய்டுச்சு. தம்பி கிட்ட 40 சென்ட் வாங்கினவரையும் சேக்கணும். ஒருத்தர விட்டாலும், ஒரு சர்வே நம்பர விட்டாலும், அதையே காரணம் காட்டி கேஸ் அடிபடலாம். பன்னெண்டு வருஷ கெடு ஒண்ணும் இருக்கு, நம்மள வெளிய தள்ளிட்டாங்கன்னு நமக்கு தெரிஞ்ச நாள்லேர்ந்து. நாங்க 2019லதான் தெரிஞ்சுகிட்டோம், அவங்க 2011லயே தெரியும்னாங்க, அப்படியே வெச்சுகிட்டாலும் 2023 வரைக்கும் டைம் இருந்துச்சு, தப்பிச்சோம்.

கோர்ட் ஃபீஸ்தான் பெரிய பூதம் மாதிரி காட்டினாங்க. தமிழ்நாடு கோர்ட் கட்டண சட்டம் 37வது பிரிவுல ரெண்டு வழி. சொத்து நம்ம அனுபவத்துல சுத்தமா இல்ல, வெளிய தள்ளிட்டாங்கன்னா நம்ம பங்கோட மார்க்கெட் மதிப்புக்கு 3 சதவீதம் கட்டணும். கூட்டு அனுபவத்துல இருக்கோம்னா ஒரு சின்ன நிரந்தர தொகை போதும். எதிர் பக்கம் "பட்டா எங்க பேர்ல, 3 சதவீதம் கட்டட்டும்"னு மனு போட்டாங்க. இங்கதான் அந்த அரிசி மூட்டை வந்துச்சு. வருஷா வருஷம் அரிசி, தேங்காய், பாக்கு பணம் வாங்கிட்டு வந்தோம்னு பிராதுலயே எழுதியிருந்தாங்க, தம்பி ஜிபேல பாக்கு பணம் போட்டது ரெண்டு வருஷம் இருந்துச்சு. ஒரு பங்காளி அனுபவிச்சா எல்லாருக்காகவும் அனுபவிக்கற மாதிரிதான், பிராதுல என்ன சொல்லியிருக்குங்கறத வெச்சுத்தான் ஃபீஸுன்னு நீலாவதி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னத காட்டினாங்க, எதிர் மனு தள்ளுபடி. அதனால கோபத்துல "உன் அரிசி மூட்டை எனக்கு வேணாம்"னு திருப்பி அனுப்பிடாதீங்க. என் அக்கா ஒரு தடவ அனுப்ப பாத்தா.

இன்னொண்ணு, கேஸ் போட்டதும் அண்ணன் தோப்ப விக்க பாக்கறான்னு காதுல விழுந்துச்சு. நான் ஓடிப்போய் பத்திர ஆபீஸ்ல ஆட்சேபணை மனு குடுத்தேன், வாங்கி வெச்சுகிட்டாங்க, "கோர்ட் ஆர்டர் இல்லாம நாங்க நிறுத்த முடியாதும்மா"ன்னுட்டாங்க. விக்கக்கூடாதுன்னு இடைக்கால தடை வாங்கி அந்த ஆர்டர் காப்பிய குடுத்தப்புறம்தான் நிம்மதி. கேஸ் நடக்கறப்ப வாங்கறவன் கேஸ் முடிவுக்கு கட்டுப்பட்டவன்தான், ஆனா அவனையும் சேத்து இழுத்துட்டு அலையறது யாரு?

அக்கா மேல ஒரு வெடி இருந்துச்சு. 2010ல அண்ணன் இருவது ரூபா ஸ்டாம்பு பேப்பர்ல "எனக்கு பங்கு வேண்டாம்" னு அக்கா கிட்ட கையெழுத்து வாங்கியிருந்தான், அவ எங்க கிட்ட சொல்லவே இல்ல. கோர்ட்ல அத எடுத்து போட்டாங்க. பதிவு பண்ணாத விடுதலை பத்திரம் நெலத்துக்கு செல்லாதுன்னு தள்ளிட்டாங்க. அதே பேப்பர்ல அக்கா பத்திர ஆபீஸ்ல போய் கைரேகை வெச்சிருந்தா, அவ கத முடிஞ்சிருக்கும், ஏமாத்தி வாங்கினாங்கன்னு நிரூபிக்க தனியா கேஸ் போடணும், அதுக்கு மூணு வருஷம்தான் டைம். அண்ணன் எனக்கும் அப்ப "கூட்டு பட்டாவுக்கு ஒரு கையெழுத்து"ன்னு கூப்ட்டான், அன்னைக்கு எம் மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல, போகல.

2023ல முதல் நிலை டிக்ரி ஆச்சு, ஆளுக்கு 25ல 6. நெறைய பேர் இதோட ஜெயிச்சாச்சுன்னு நெனைச்சிடறாங்க. இது பங்கு எவ்ளோன்னு மட்டும்தான் சொல்லும், எந்த எடம்னு சொல்லாது. அதுக்கு இறுதி டிக்ரி மனு போடணும், வக்கீல் கமிஷனர் சர்வேயரோட வந்து அளப்பார். அவர் வந்த அன்னைக்கு செயின புடிச்சிட்டு தோப்புக்குள்ள நடந்தோம். அண்ணன் தரப்பு சொன்னது, பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் மேட்டுக்காட்ட குடுத்துடுங்க, சென்ட் கணக்கு சரியா வந்துடும்னு. 108 சென்ட் எண்ணிக்கைல ஒண்ணுதான், ஆனா காய்க்கற பாக்கு மரமும் வானம் பாத்த பூமியும் ஒண்ணா? கமிஷனர் மரத்த எண்ணி, கெணத்த குறிச்சு, வண்டிப்பாதைய குறிச்சு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா மதிப்பு போட்டார்.

அந்த ரிப்போர்ட்ட பாத்தப்புறம்தான் தம்பி மொதல்ல எறங்கி வந்தான். அக்கா வீட்ல உக்காந்து பேசினோம். தோப்பு 300 சென்ட்ல 25ல 6ன்னா 72, மேட்டுக்காடு 150ல 36, ஆளுக்கு அப்படியே ரெண்டுலயும். தம்பி ஏற்கெனவே வித்த 40 சென்ட அவன் கணக்குலயே வெச்சாச்சு, 36க்கு மேல போன 4 சென்ட அம்மா தன்னோட 6 சென்ட்லேர்ந்து விட்டுக்குடுத்தாங்க, வாங்கினவருக்கும் தொந்தரவு இல்ல. கெணறும் பாதையும் பொது, தண்ணி முறை வெச்சு. இத கோர்ட்ல சொல்லிட்டு 2024ல அஞ்சு பேரும் சேந்து புதுசா பாகப்பிரிவினை பத்திரம் பதிஞ்சோம். குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், 2023 ஜூலைலேர்ந்து ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000, பதிவு கட்டணம் அதிகபட்சம் 10,000. அதுக்கப்புறம் உட்பிரிவு பட்டாவுக்கு மனு போட்டு சர்வேயர் பின்னாடி எட்டு மாசம் அலைஞ்சது தனி புராணம், அத எழுதினா இன்னொரு நாள் ஆகும்.

அண்ணன் ஒரு வருஷம் பேசல. போன மாசம் கெணத்து மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு, தண்ணி முறை எல்லாருக்கும் நின்னுடுச்சு. ராத்திரி ஒம்பது மணிக்கு வாட்சப்ல அண்ணன் நம்பர்லேர்ந்து ஒரு போட்டோ, காயில் கட்டின கடை பில்லு, 7,500 ரூபா. அதுக்கு கீழ நலமா, சாப்ட்டியா, ஒண்ணும் இல்ல. "25ல 6. உனக்கு 1,800. அம்மாவோட 300 நான் போட்டுக்கறேன்" அவ்ளோதான் டைப் பண்ணியிருந்தான். ஒடனே ஜிபே பண்ணிட்டேன்.